முழு எண் திட்டமிடலும் கிளைத்து எல்லையிடும் முறையும்

முழு எண் திட்டமிடல் என்பது, விடை முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கொண்ட நேரியல் திட்டமிடல் ஆகும். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறை நேரியல் கணக்குகளைத் தீர்த்தது. ஆனால் அது 1.4 லாரி என்றும் விடை சொல்லும். அதைக் கிட்டிய முழு எண்ணாக்கினால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

முழுமையாக்கல் ஏன் தவறுகிறது?

லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் ஒரு பட்டறை இருப்பதாகக் கொள்வோம். திறந்த பாடிக்கு 4 வேலைநாளும் டேங்கருக்கு 9 வேலைநாளும் ஆகும். மாதத்திற்கு இரண்டு குழுக்களும் சேர்ந்து 38 வேலைநாள் உழைக்கும். 5 வண்டிகளுக்கே இடம் உண்டு. ஒரு திறந்த பாடியில் லாபம் ரூ.50,000, ஒரு டேங்கரில் ரூ.1,10,000.

பின்னத்தை அனுமதித்தால் 1.4 திறந்த பாடி, 3.6 டேங்கர், லாபம் ரூ.4,66,000 என்று வரும். கிட்டிய முழு எண்களான 1, 4 என்பதற்கு 40 வேலைநாள் வேண்டும், அது நடவாது. இரண்டையும் குறைத்து 1, 3 என்றால் லாபம் ரூ.3,80,000. ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கி 2, 3 என்றால் ரூ.4,30,000. உண்மையான சிறந்த விடையோ திறந்த பாடியே இல்லாமல் 4 டேங்கர், லாபம் ரூ.4,40,000. பின்ன விடையைச் சுற்றியுள்ள நான்கு முழு எண் புள்ளிகளிலும் அது இல்லை.

கிளைத்தலும் எல்லையும்

3.6 டேங்கர் கட்ட முடியாது; எனவே கணக்கை "3 அல்லது குறைவு", "4 அல்லது கூடுதல்" என இரு கிளைகளாகப் பிரிக்கிறோம். எந்த முழு எண் விடையும் இதில் தப்பாது. ஒவ்வொரு கிளையிலும் பின்னத்தை அனுமதித்துக் கிடைக்கும் லாபமே அக்கிளையின் மேல் எல்லை. முதல் கிளையின் எல்லை ரூ.4,30,000, இரண்டாவதன் எல்லை ரூ.4,65,000.

எனவே இரண்டாவதை முதலில் ஆராய்கிறோம். அங்கு 0.5 திறந்த பாடி, 4 டேங்கர் என வருகிறது. திறந்த பாடி 1 அல்லது கூடுதல் என்றால் வேலைநாள் போதாது, அக்கிளை முடிந்தது. 0 என்றால் டேங்கர் 4.22 வரை போகும். 5 டேங்கருக்கு 45 வேலைநாள் வேண்டும் என்பதால் 4 மட்டுமே மிஞ்சுகிறது. ரூ.4,40,000 கைக்கு வந்துவிட்டது. முதல் கிளையின் எல்லை இதைவிடக் குறைவு. அதை மேலும் பிரிக்காமலே வெட்டிவிடலாம்.

வரலாறு

இம்முறையை 1960இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த அய்ல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்ற இரு பெண்கள் 'எக்கனோமெட்ரிக்கா' இதழில் வெளியிட்டனர். "கிளைத்து எல்லையிடல்" என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயர், 1963இல் பயண விற்பனையாளர் கணக்கைப் பற்றி வந்த கட்டுரையில் இடம்பெற்றது. அதன் நான்கு ஆசிரியர்களில் ஒருவர் இந்தியரான கட்டா மூர்த்தி. மேலே கண்ட இருகிளைப் பிரிப்பை 1965இல் டேக்கின் முன்வைத்தார்.

வரம்பு

ஆம்-இல்லை என்ற 30 முடிவுகளிலேயே 107 கோடிக்கு மேல் சேர்க்கைகள் உண்டு. எல்லைகள் தளர்வாக இருந்தால் கிளைகள் வெட்டப்படாமல் பெருகும். எனினும் பாதியில் நிறுத்தினாலும், கையிலுள்ள விடைக்கும் மீதமுள்ள கிளைகளின் மிக உயர்ந்த எல்லைக்கும் உள்ள இடைவெளி, சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைக் காட்டும். வெறும் முழுமையாக்கலில் இந்த உறுதி கிடைப்பதில்லை.