பந்திக்குப் பிந்து, பவுசருக்கு முந்து

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளில் நின்றபோது கைபேசியில் எடுத்த படங்களைச் சேர்த்து, நண்பர்கள் சிலர் ஒரு சின்னக் கண்காட்சி வைக்க நினைத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரேயொரு வரி. அந்த வரி எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழமொழியைக் கொஞ்சம் திருப்பினதாக இருக்க வேணும் என்பது அவர்களின் ஆசை. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் படம்: விடிய நாலு மணியிருக்கும். ஒரு பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள், ஓட்டோக்கள், போத்தலோடு நிற்கிற ஆக்கள். தூரத்தில் பவுசர் வருகிற வெளிச்சம். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்ற பழமொழி உடனே ஞாபகத்துக்கு வந்தது. நான் எழுதினது இது: "விருந்துக்கு முந்து, எரிபொருள் வரிசைக்கும் முந்து." வாசித்த ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருவர் "இது அறிவித்தல் பலகை மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. ஏன் சரி என்று விளங்க எனக்குக் கொஞ்சம் பழைய கதைக்குள் போக வேண்டியிருந்தது.

பழமொழிக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் முதுமொழி. அதன் இலக்கணத்தைச் செய்யுளியல் சொல்கிறது: நுட்பமாக, சுருக்கமாக, தெளிவாக, எளிமையாக இருக்க வேணும், சொல்ல வந்த பொருளை முடித்து வைக்கிற காரணமாக வர வேணும். இந்தக் கடைசிப் பகுதிதான் எங்களுக்கு முக்கியம். பழமொழி தனியாக நிற்கிற அறிவுரை இல்லை. முன்னால் ஒரு பேச்சு நடந்திருக்க வேணும், அதைப் பழமொழி வந்து முடித்து வைக்கும். வீட்டிலும் அப்படித்தானே? அம்மா சும்மா இருக்கேக்க பழமொழி சொல்லமாட்டா. நாங்கள் ஏதாவது செய்துபோட்டு நிற்கேக்கதான் சொல்லுவா.

முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு இந்த இயல்பை ஒரு நூல் முழுக்கப் பயன்படுத்தியது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான அந்த நூலில் 400 வெண்பாக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழமொழி. பெரும்பாலும் அது பாட்டின் முடிவில் வரும். முன்வரிகள் ஒரு நிலைமையைச் சொல்லும், பழமொழி அதை முடிக்கும். இதை வாசித்தபோதுதான் படக்குறிப்பு என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது. முன்வரிகளின் வேலையை இங்கே படம் செய்துவிட்டது. மிச்சம் இருப்பது முடிப்பு மட்டும். என் வரியில் "எரிபொருள் வரிசை" என்று எழுதினேனே, அது படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. படம் சொன்னதையே திருப்பிச் சொன்ன வரி முடிப்பாக இருக்காது.

இரண்டாவது பிழை ஓசையில். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பந்தி, படை இரண்டும் 'ப'வில் தொடங்குகின்றன, அது மோனை. பந்தி, முந்து, பிந்து மூன்றிலும் இரண்டாம் எழுத்து 'ந்', அது எதுகை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாயிலும் இந்த வரி நூற்றாண்டுகளாகச் சிதையாமல் இருந்ததற்கு இந்த இரண்டு ஆணிகளும்தான் காரணம். நானோ "பந்தி"யை எடுத்துவிட்டு "விருந்து" போட்டேன், "படை"யை எடுத்துவிட்டு நீளமான ஒரு தொடரைப் போட்டேன். ஆணிகள் இரண்டும் கழன்றுவிட்டன. கேட்கிறவருடைய காது பழைய வரியை அடையாளம் காணவே இல்லை. அடையாளம் காணாவிட்டால் எங்கே திரும்பியது என்பதும் தெரியாது.

திருப்புவதில் கெட்டிக்காரர் யார் என்று பார்த்தால், நகைச்சுவைக்காரர்களை விட வேறொரு கூட்டம் முன்னுக்கு நிற்கிறது. "பழமொழியின் உண்மையான வடிவம் இதுதான்" என்று கைபேசிக்கு வருகிற செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது பிழையாம், "ஆயிரம் வேரைக் கொண்டவன் அரை வைத்தியன்" என்பதுதான் சரியாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளில் இருப்பது கொன்றவன்தான். இந்தத் தொகுப்பு வேலையில் எங்கட ஊருக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்த வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர், 1840களில் இங்கேயே ஒரு பழமொழித் தொகுப்பை அச்சிட்டார். அதை வளர்த்து 1874இல் சென்னையில் வெளியிட்டபோது அதில் 6000க்கு மேற்பட்ட பழமொழிகள் இருந்தன.

'வேர்' வடிவம் எப்படி இவ்வளவு பேரை நம்ப வைத்தது? மாறின எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். 'பே' என்பது 'வே' ஆனது. 'ன்ற' என்பது 'ண்ட' ஆனது. வேறொன்றும் மாறவில்லை. அசையின் எண்ணிக்கை அதே, நிறுத்தம் அதே, "அரை வைத்தியன்" என்ற முடிவும் அதே. காது ஒரு வித்தியாசத்தையும் உணரவில்லை, கருத்து மட்டும் தலைகீழாகிவிட்டது. மருத்துவரைக் கிண்டல் செய்த வரி மருத்துவரைப் புகழ்கிற வரியானது. உற்றுப் பார்த்தால் தையல் தெரியும். மூலிகை தெரிந்தவரை "வேரை அறிந்தவன்" என்போம். "வேரைக் கொண்டவன்" என்று ஒருவரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. ஓசைக்காக வளைத்த சொல் அது. வரலாறாக இது பிழை. ஆனால் திருப்புகிற முறைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: கூட்டை அப்படியே விடு, ஒரு கீலை மட்டும் மாற்று, மாற்றின சொல்லும் பேச்சில் இருக்கிற சொல்லாக இருக்கட்டும்.

இந்தப் பாடத்தோடு திரும்ப என் படத்துக்கு வந்தேன். 'படை' இருந்த இடத்துக்கு 'ப'வில் தொடங்குகிற சொல் வேணும். 'பெற்றோல்' என்று முதலில் போட்டுப் பார்த்தேன்; பந்திக்குப் பக்கத்தில் 'பெ' அவ்வளவாக ஒட்டவில்லை. பிறகு பார்த்தால் விடை படத்திலேயே வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தது. பவுசர்! அந்த மாதங்களில் எங்கள் எல்லாருடைய வாயிலும் இருந்த சொல். முந்து, பிந்து இரண்டையும் தூக்கி எறியத் தேவையில்லை. இடத்தை மாற்றினால் போதும்.

"பந்திக்குப் பிந்து, பவுசருக்கு முந்து."

கல்யாண வீட்டுச் சாப்பாடு போனால் போகட்டும், பவுசரை விட்டுடாதே. மோனையும் எதுகையும் பழையபடியே நிற்கின்றன, அறிவுரை மட்டும் குப்புற விழுந்திருக்கிறது. காலமும் அப்படிக் குப்புற விழுந்த காலம்தானே.

வரி பிடித்ததா என்று பார்க்க ஒரு வழிதான் இருக்கிறது. பழைய வரியை நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, விளக்கம் ஒன்றும் சொல்லாமல் ஒரு தரம் வாசித்துக் காட்ட வேணும். "எதைச் சொல்லுறாய்?" என்று கேட்டால் கூடு உடைந்துவிட்டது. பழையதையே சொல்லித் திருத்த வந்தால் திருப்பம் போதவில்லை. நான் அம்மம்மாவுக்கு வாசித்தேன். அவ உடனே சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திப்போட்டு, "படையை ஏன் பிள்ளை எடுத்தனீ? நாங்கள் படைக்குப் பிந்தி ஓடித்தான் உயிரோட இருக்கிறம்" என்றா.

அதுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பாடப்புத்தகத்தில் 'படைக்குப் பிந்து' கோழைக்குச் சொல்லுகிற கிண்டல் மாதிரி இருக்கும். அந்தக் கிண்டல் பிடிக்காத சிலர், பந்திக்கு முந்துவதும் படைக்குப் பின்னால் போவதும் வலது கைதான், சோற்றுக்கு நீளும், வில்லை இழுக்கேக்க பின்னுக்குப் போகும் என்று வீரமான விளக்கமும் கொடுக்கிறார்கள். அம்மம்மாவுக்கோ அது கிண்டலுமில்லை, வீரமுமில்லை, வெறும் அனுபவம். பெற்றோல் இல்லாத காலமும் அவவுக்குப் புதிதில்லை. 90களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைக்கேக்க, எடுத்த சொல்லோடு யாருடைய வாழ்க்கை போகிறது என்றும் பார்க்க வேணும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வரியை நான் மாற்றவில்லை. ஆனால் கண்காட்சியில் பழைய பழமொழியையும் அதற்கு மேலே சின்ன எழுத்தில் போடச் சொன்னேன்.

அடுத்த படம் இன்னும் கஷ்டம். ஒரு வயதானவர் வெறும் கானைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருக்கிறார், பின்னால் பூட்டின பெற்றோல் செட். அந்த ஆண்டு மார்ச்சில் எரிபொருள் வரிசைகளில் நின்ற முதியவர்கள் செத்திருக்கிறார்கள். இந்தப் படத்தின் கீழே "பவுசருக்கு முந்து" என்று போட்டால் என்ன நடக்கும்? வரி ஏவல். ஏவல் என்றால் யாரையோ பார்த்துச் சொல்வது. படத்தில் இருப்பது அவர் ஒருவர்தான். ஆகவே சிரிப்பு அவர்மேல் விழும், நீ முந்தியிருக்க வேணும் என்று அவரிடமே சொன்னதாகிவிடும். ஒரே வரி ஒரு படத்தில் எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கிறது, இன்னொரு படத்தில் ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறது.

இங்கே வேறொரு பழமொழி தேவைப்பட்டது. "பொறுத்தார் பூமி ஆள்வார்." இது ஏவல் இல்லை, வாக்குறுதி. அன்றாடம் மேடைகளில் எங்களுக்குச் சொல்லப்பட்டதும் இதுதானே: கொஞ்சம் பொறுங்கள், கப்பல் வருகுது. 'பொ'வுக்கு 'பூ' மோனையாகப் பொருந்தும். அந்தப் 'பூ'வை விடாமல் பிடித்தால்:

"பொறுத்தார் பூட்டைப் பார்த்தார்."

'பூமி' போய் 'பூட்டு' வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் காலத்தில். 'ஆள்வார்' எதிர்காலம், 'பார்த்தார்' இறந்தகாலம். பழைய வரி இனி நடக்கும் என்றது, புதிய வரி நடந்ததைச் சொல்கிறது. அதனால் சிரிப்பு அந்தக் கிழவரை விட்டுவிட்டு, வாக்குறுதி தந்தவர்களிடம் போகிறது.

இந்தப் பழமொழிக்குப் பின்பாதி ஒன்றும் உண்டு: "பொங்கினார் காடாள்வார்." கோபப்பட்டவருக்குக் காடுதான் மிச்சம் என்ற எச்சரிக்கை. மூன்றாவது படம் 2022 ஜூலை 9, சனம் கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த நாள். "பொங்கினார் மாளிகை பார்த்தார்" என்று எழுதி, மோனை போனதால் "பொங்கினார் பொய்கை பார்த்தார்" என்று மாற்றினேன். மாளிகையின் நீச்சல் தடாகத்தில் சனம் குளித்தது ஞாபகம் இருக்கும். ஆனால் பொய்கை என்று இன்றைக்கு யார் கதைக்கிறார்கள்? 'வேரைக் கொண்டவன்' செய்த அதே பிழையைத்தான் நானும் செய்தேன், ஓசைக்காகச் சொல்லை வளைத்தேன். இரண்டையும் வெட்டினேன். அந்தப் படத்தின் கீழே "பொங்கினார்" என்ற ஒரு சொல்லையும் மூன்று புள்ளிகளையும் மட்டும் விட்டோம்.

பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். காடா, மாளிகையா என்று நாங்கள் கேட்கவில்லை.