உடைந்த ஹாலோகிராம் துண்டில் முழு உருவமும் தெரிவது எப்படி? எதை இழக்கிறோம்? - எளிய விளக்கம்

போட்டோவைக் கிழித்தால் பாதி முகம்தான் மிஞ்சும். ஆனால் ஹாலோகிராம் தகட்டை உடைத்து ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், உள்ளே இருக்கும் பொருள் முழுசாகத் தெரிகிறது. அதை வைத்து, 'ஹாலோகிராமின் ஒவ்வொரு துண்டிலும் முழுப் படமும் அப்படியே இருக்கிறது' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மைதான். உடைக்கும்போது ஒன்று நிச்சயம் தொலைந்துபோகிறது. அது என்ன என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

தேர்தல் பிரசார மேடைகளிலும் இசை நிகழ்ச்சிகளிலும் 'ஹாலோகிராம்' என்ற பெயரில் தோன்றும் உருவங்கள் பெரும்பாலும் ஹாலோகிராமே அல்ல. 2014 மக்களவைத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றியது, சாய்வாக நிறுத்திய ஒளி ஊடுருவும் திரையில் வீடியோவைப் பிரதிபலிக்க வைக்கும் உத்தி. 'பெப்பர்ஸ் கோஸ்ட்' எனப்படும் அந்த உத்தி 19ஆம் நூற்றாண்டு நாடக மேடையிலேயே இருந்தது.

உண்மையான ஹாலோகிராம் வேறு. அது ஒரு பொருளில் இருந்து வரும் ஒளி அலையையே தகட்டில் பதிவு செய்துவைத்து, பிறகு அதே அலையை மீண்டும் உருவாக்குவது.

போட்டோ தவறவிடுவது எதை?

ஒரு பொருளில் இருந்து வரும் ஒளியில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. ஒன்று, அது எவ்வளவு பிரகாசம் என்பது. இன்னொன்று, அலை அந்த இடத்துக்கு வரும்போது மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பது. இதை இயற்பியலில் 'கட்டம்' என்பார்கள். ஒளி எந்தத் திசையில் இருந்து, எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறது என்ற விவரம் இந்தக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

பிலிமுக்கோ செல்போன் கேமராவுக்கோ பிரகாசம் மட்டும்தான் தெரியும். கட்டத்தை அவற்றால் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. அதனால்தான் போட்டோ தட்டையாக இருக்கிறது. தலையை எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் காட்சி மாறாது.

இதற்கு ஒரு வழியை 1947இல் கண்டுபிடித்தவர், இங்கிலாந்தில் வேலை பார்த்த ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர் டென்னிஸ் கேபர். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படங்களை மேம்படுத்தும் முயற்சியில் இருந்தபோதுதான் இந்த யோசனை அவருக்கு வந்தது. பொருளில் இருந்து வரும் அலையுடன், நமக்கு முன்பே தெரிந்த இன்னொரு அலையை மோதவிட்டால், கட்டத்தில் இருக்கும் வித்தியாசம் பிரகாச வித்தியாசமாக மாறிவிடும். பிரகாசத்தைத்தான் பிலிம் பதிவு செய்துவிடுமே! இதற்காக 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொம்மை ரயிலைப் பதிவு செய்த கதை

கேபரின் யோசனைக்கு, அலைகள் ஒரே சீராக வரும் ஒளி தேவைப்பட்டது. 1960இல் லேசர் வந்த பிறகுதான் அது வசப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மெட் லீத், ஜூரிஸ் உபாட்னீக்ஸ் ஆகிய இருவரும் 1964இல் ஒரு பொம்மை ரயிலை ஹாலோகிராமாகப் பதிவு செய்து காட்டினார்கள். இன்றும் பாடப் புத்தகங்களில் வரும் உதாரணம் அது.

செய்முறை இதுதான். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளியை, பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்றால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு கற்றை பொருளின் மீது விழுந்து, சிதறி, தகட்டுக்கு வரும். இது பொருள் கற்றை. இன்னொரு கற்றை பொருளைத் தொடாமல், பக்கவாட்டில் இருந்து நேராகத் தகட்டுக்கு வரும். இது குறிப்புக் கற்றை. நடுவில் கேமரா லென்ஸ் எதுவும் கிடையாது.

குளத்தில் இரண்டு கல்லை ஒரே நேரத்தில் போட்டால், இரண்டு அலைகளும் சேரும் இடத்தில் சில புள்ளிகளில் தண்ணீர் அதிகமாக எழும்பும், சில புள்ளிகளில் அசையாமலே இருக்கும். தகட்டிலும் அதேதான். இரண்டு கற்றைகளின் மேடுகள் சேரும் இடம் வெளிச்சம், மேடும் பள்ளமும் சேரும் இடம் இருட்டு. இந்தக் குறுக்கீட்டு விளைவால் உண்டாகும் நுண்ணிய கோடுகள்தான் தகட்டில் பதிகின்றன.

எவ்வளவு நுண்ணியவை? அந்த லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். இரண்டு கற்றைகளுக்கும் இடையே 30 டிகிரி கோணம் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடைவெளி சுமார் 1.2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 800 கோடுகளுக்கு மேல்! சாதாரண பிலிமால் இதைப் பிடிக்க முடியாது. அதற்கென்றே தயாரிக்கப்பட்ட, மிக நுண்ணிய துகள்கள் கொண்ட தகடு வேண்டும்.

ஏன் பூச்செடியை வைக்காமல் ரயிலை வைத்தார்கள்?

கோடுகள் இவ்வளவு நெருக்கம் என்பதால், பதிவாகும் நேரத்தில் பொருள் துளியும் அசையக் கூடாது. ஒளி செல்லும் பாதை அரை அலைநீளம், அதாவது சுமார் 300 நானோமீட்டர் மாறினாலே வெளிச்சக் கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு இருட்டுக் கோடு வந்துவிடும். இரண்டும் கலந்து தகடு வெறும் சாம்பல் நிறமாகிவிடும்.

அதனால் அதிர்வு ஏறாத கனமான மேஜையில் வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள். அப்படியும் ஏதாவது ஒரு பகுதி அசைந்துவிட்டால், ஹாலோகிராமில் அந்தப் பகுதி மட்டும் கறுப்பாகத் தெரியும். செடியின் இலை, துணி, காகிதம் எல்லாம் காற்றிலேயே லேசாக அசையும் என்பதால் தொடர்ந்து எரியும் லேசரில் அவற்றைப் பதிவு செய்வது கஷ்டம். உயிருள்ள மனிதரைப் பதிவு செய்ய, ஒரு நொடியில் மிக மிகச் சிறிய பங்கு நேரமே மின்னி மறையும் லேசர் வேண்டும். உலோகப் பொம்மை ரயிலுக்கு இந்தப் பிரச்னை இல்லை.

தகட்டில் ரயில் எங்கே?

டெவலப் செய்த தகட்டைச் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் ரயில் தெரியாது. மங்கலான சாம்பல் நிறமும், தூசியால் உண்டான சில வட்டங்களும்தான் தெரியும்.

இப்போது அதே குறிப்புக் கற்றையை, அதே கோணத்தில் தகட்டின் மீது அடிக்க வேண்டும். தகட்டில் இருக்கும் நுண்கோடுகள் ஒளியை வளைத்து அனுப்புகின்றன. இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். கோடுகள் எந்த அலையால் உருவானதோ, அதே வடிவ அலையாகத்தான் ஒளி வெளியே வருகிறது. நம் கண்ணுக்கு அது ரயிலில் இருந்து நேராக வரும் ஒளி மாதிரியே இருக்கும். எனவே தகட்டுக்குப் பின்னால், முன்பு ரயில் இருந்த அதே இடத்தில் ரயில் தெரிகிறது. தலையை நகர்த்தினால், இன்ஜினுக்குப் பின்னால் மறைந்திருந்ததும் எட்டிப் பார்க்கும்.

சரி, துண்டில் முழு உருவம் எப்படி?

விஷயமே இங்குதான் இருக்கிறது. கேமராவில் லென்ஸ், பொருளின் ஒரு புள்ளியில் இருந்து வரும் ஒளியைப் பிலிமின் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சக்கரத்துக்கு ஓர் இடம், புகைபோக்கிக்கு ஓர் இடம். அந்த இடத்தைக் கிழித்தால் அந்த உறுப்பு போச்சு.

ஹாலோகிராமில் லென்ஸ் இல்லை. பொம்மையின் சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. எனவே சக்கரத்தின் ஒரு புள்ளியில் இருந்து கிளம்பும் ஒளி தகடு முழுவதும் பரவி விழும். புகைபோக்கியின் ஒளியும் அப்படியே. அதாவது, தகட்டின் எந்த மூலையை எடுத்தாலும் அங்கே ரயிலின் எல்லாப் பகுதிகளில் இருந்தும் வந்த ஒளி பதிந்திருக்கும்.

ஜன்னலை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி முழுவதும் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஒரு மூலையில் மட்டும் சின்ன ஓட்டை விட்டால் என்ன ஆகும்? ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். ஆனால் அந்த மூலையில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி மட்டும்தான். ஹாலோகிராம் தகடும் அப்படி ஒரு ஜன்னல்தான்.

அப்படியென்றால் தொலைவது எது?

ஒரு கணக்கு போடலாம். 10 சென்டிமீட்டர் அகலத் தகடு, அதற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் ரயில். முழுத் தகட்டையும் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தால், ரயிலைச் சுமார் 19 டிகிரி சுற்றிப் பார்க்கலாம். உடைத்து 1 சென்டிமீட்டர் துண்டை மட்டும் எடுத்தால், அது சுமார் 2 டிகிரி. முதலில் தொலைவது இதுதான், பார்வைக் கோணம். ரயில் முழுசாக இருக்கும், ஆனால் எட்டிப் பார்க்க இடம் இருக்காது. துண்டைத் தள்ளி வைத்துப் பார்த்தால் ஒரே பார்வையில் முழு ரயிலும் அடங்காது. சாவித் துவாரத்தில் பார்ப்பதுபோல் கண்ணைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

அடுத்து தொலைவது கூர்மை. ஒளியைச் சரியான திசையில் அனுப்ப நிறைய கோடுகள் வேண்டும். துண்டு சின்னதானால் கோடுகள் குறையும், ஒளி கொஞ்சம் பரந்து போகும். 1 சென்டிமீட்டர் துண்டில் சுமார் 8,000 கோடுகள் இருக்கும். அது காட்டக்கூடிய மிக நுண்ணிய விவரம் சுமார் 0.02 மில்லிமீட்டர். நம் கண்ணின் பாப்பாவே சில மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால், இந்த அளவுக்கு மங்கல் நமக்குத் தெரியாது. 1 மில்லிமீட்டர் துண்டில் விவரம் 0.2 மில்லிமீட்டராகக் குறையும், மங்கல் தெரிய ஆரம்பிக்கும். 0.1 மில்லிமீட்டர் துண்டு என்றால் சுமார் 80 கோடுகள், விவரம் 2 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்துச் சக்கரக் கம்பிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஆக, எல்லாத் துண்டுகளிலும் 'அதே' தகவல் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கோணத்துப் பார்வை இருக்கிறது.

டெபிட் கார்டு ஸ்டிக்கரில் இது நடக்குமா?

நடக்காது. கார்டில் இருக்கும் பளபள ஸ்டிக்கர் வானவில் வகை ஹாலோகிராம். சாதாரண வெளிச்சத்திலும் தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் உருவம் ஸ்டிக்கரின் பரப்பிலேயே, அல்லது மிக அருகில் அமையும்படி செய்திருப்பார்கள். பறவையின் இறக்கையில் இருந்து வந்த ஒளி அந்த இறக்கை இருக்கும் இடத்திலேயே பதிந்திருக்கும், தகடு முழுக்கப் பரவியிருக்காது. அதை வெட்டினால் போட்டோ மாதிரியே பாதிப் பறவைதான் மிஞ்சும்.

துண்டில் முழு உருவம் கிடைக்க, பதிவு செய்யும்போதே ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் தகடு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். பரவியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.