மூன்று நாளை ஒதுக்கி வையுங்கள்

என் அண்ணன் பிறந்தது பராபவ வருஷம், 1966 ஆவணி, சுவாதி நட்சத்திரம். அறுபது வருஷச் சுற்று முடிந்து பராபவ மறுபடி பிறப்பது 2026 ஏப்ரல் 14. ஆக, அறுபதாம் கல்யாணம் அந்த ஆவணியில், சுவாதி அன்று, திருக்கடையூரில். இதுவரை வீட்டில் யாருக்கும் குழப்பம் இல்லை. அது என்ன தேதி என்று நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் மகள் கேட்டதும்தான் வேலை தொடங்கியது. டிசம்பர் முடிவதற்குள் அடுத்த வருஷ விடுப்பை அவள் ஆபீசில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு முறை சுற்றி வர 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகும். ஆவணிக்கோ 31 நாள். அதனால் மாதத் தொடக்கத்தில் வரும் மூன்று நான்கு நட்சத்திரங்கள் மாதக் கடைசியில் இன்னொரு தடவை வந்துவிடும். 2026 ஆவணியில் சுவாதிக்கு அந்த யோகம்: ஆகஸ்ட் 18-இல் ஒன்று, செப்டம்பர் நடுவில் ஒன்று. இரண்டு வந்தால் பின்னதை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பின்னதும் ஒரே நாளோடு நிற்கவில்லை. 14-ஆம் தேதி தொடங்கி 15-க்குள் நீள்கிறது. சூரிய உதயத்தில் எந்த நட்சத்திரம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஹோமம் நடக்கும் வேளையில் எது இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். இப்படி விளிம்பில் நிற்கும் நட்சத்திரத்துக்கு அந்தச் சில மணி நேரமே நாளை மாற்றிவிடும். போதாததற்கு 14-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. தங்கள் வீட்டுப் பூஜையை விட்டு எத்தனை பேர் கிளம்பி வருவார்கள்?

ஐயர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "புதுப் பஞ்சாங்கம் கைக்கு வரட்டும். அதுக்கு முன்னாடி ஒரு நாளைச் சொல்லி, அப்புறம் மாத்துனா நல்லா இருக்காது."

நாள் உறுதியாகாமல் பத்திரிகை அடிக்க முடியாது. அடித்தாலும், மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைத்த பிறகே உறவுக்குப் போகும். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் சின்ன அக்காவுக்கும் நியூ ஜெர்சிக்கும் அதுவரை பொறுமை கிடையாது. திருக்கடையூரிலும் ஒரே நாளில் பல குடும்பங்கள் வந்து இறங்கும்; தங்கும் அறைகளை முன்கூட்டியே பிடித்தால்தான் உண்டு. அந்த இடைவெளிக்காகத்தான் உறவுக்கு ஒரு வாட்ஸப் செய்தி எழுதினோம்.

முதல் வரைவை மருமகன் எழுதினான். மாலை போட்ட படம், கீழே "14.09.2026, அனைவரும் வருக". அண்ணி அதைப் படித்ததுமே வேண்டாம் என்றார். தேதி ஒன்றாக இருந்தால் அது மட்டும்தான் மனதில் தங்கும், பிறகு 15 என்று மாற்றினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது என்பது அவர் கவலை. சரியான கவலை. அதனால் ஒரு தேதியை எடுத்துவிட்டு மூன்று நாளைப் போட்டோம்.

இரண்டாவது திருத்தம் பெரிய மாமாவால் வந்தது. வரைவை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "அப்போ வாட்ஸப்பிலேயே அழைச்சாச்சா?" என்று கேட்டார். தாம்பூலத்தட்டோடு நேரில் போய் அழைக்காத விசேஷத்துக்கு வராத தலைமுறை அது. அவர் மனம் நோகாமல் இருக்க ஒரு வரி சேர்ந்தது. செய்தியில் எனக்கு மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

டிசம்பரில் போன செய்தி இது:

"ஆவணி மாதம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். செப்டம்பர் 13, 14, 15 ஆகிய மூன்று நாளையும் எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள். எந்த நாள் என்பதை ஜூன் முடிவதற்குள் சொல்கிறோம். அதுவரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்க வேண்டாம். இது தகவல்தான்; பத்திரிகையோடு நேரில் வந்து அழைப்போம்."

ஜூன் என்று எழுதியதற்குக் காரணம் ரயில். முன்பதிவு 120 நாளாக இருந்தவரை இன்னும் முன்னதாக முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும். 2024 நவம்பர் முதல் அது 60 நாள்தான். செப்டம்பர் 13 இரவு வண்டிக்கு ஜூலை 15 காலையில் முன்பதிவு திறக்கும். வெளியூரிலிருந்து மயிலாடுதுறைக்கு வந்து இறங்க வேண்டியவர்களுக்கு அதற்குள் நாள் தெரிந்தாக வேண்டும். எங்கள் அத்தைகளுக்குக் கீழ்ப் படுக்கை கிடைப்பதே அதைப் பொறுத்துத்தான்.

அன்று இரவே நியூ ஜெர்சியிலிருந்து பதில் வந்தது: செப்டம்பர் 10 முதல் 18 வரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். சித்திரை பிறந்ததும் புதுப் பஞ்சாங்கத்தோடு ஐயர் வீட்டுக்குப் போகிறோம், அண்ணியும் வருகிறார்.