மழையை வரவழைத்தவர்கள்: உலர்ந்த காட்சி நனைந்த கதை

மார்கழி விடியலில் எளாவூர் வழியாகச் செல்லும் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே லாரிகள் வருவதில்லை; வெளிச்சங்கள்தான் வருகின்றன. பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காற்று மூடுபனியாய்ச் சாலைமேல் படிந்திருக்க, முகப்பு விளக்கு முதலில் ஒரு மங்கிய வட்டமாகி, பிறகு இரண்டாகப் பிரிந்து, கடைசியில்தான் வண்டி உருக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் இதே விளக்குகளின் முன்னால் மழைத்தாரைகள் வெள்ளிக் கம்பிகளாய்த் தொங்கும். விளக்கொளி எட்டாத இருட்டிலோ மழையின் ஓசை மட்டுமே இருக்கும்.

சென்ற ஆண்டு எம் மாணவர்கள் சிலர் இச்சாலையில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கதையில் மழை உண்டு, படம் பிடித்த இரவில் மழை இல்லை. கணினியில் மழையைப் 'போட்டு' வந்து காட்டினார்கள். துளிகள் விழுந்தன, ஆனால் நாயகன்மீது விழவில்லை, படத்தின்மீது விழுந்தன. எங்கே பிழை என்று தேடியபோதுதான், இந்தக் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டென்பதை அறிந்தோம்.

மழை ஏன் படத்தில் அகப்படுவதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளியொன்று நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. தன் அகலத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். சினிமாக் கேமராவோ ஒவ்வொரு சட்டத்துக்கும் வழக்கமாக 1/48 நொடி, அதாவது ஆயிரத்தில் இருபத்தொரு பங்கு நேரம், கண் திறந்திருக்கிறது. ஆகவே தாரை விழுந்த இடத்தில், கேமரா துளியைப் பார்ப்பது நூற்றில் ஒன்றரைப் பங்கு நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் பின்னால் இருக்கும் சுவரையே பார்க்கிறது. துளி சுவரைவிட மூன்று மடங்கு பிரகாசமாக இருந்தாலும், தாரையின் தடம் சுவரைவிட நூற்றுக்கு மூன்றளவே வெளுக்கும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. இருபது மடங்கு பிரகாசமானால் நூற்றுக்கு இருபத்தெட்டரை வெளுக்கும். அப்போது மழை தெரியும்.

அந்த இருபது மடங்கை எங்கே தேடுவது? ஒளிப்பதிவாளர்கள் இதற்குக் கண்ட விடை பின்னொளி. விளக்கைத் துளிகளுக்குப் பின்னால், சட்டத்துக்கு வெளியே வைத்து, பின்புலத்தை இருளவிட்டால், ஒளி துளிக்குள் நுழைந்து வளைந்து கேமராவை நோக்கி வருகிறது. முன்னிருந்து வெளிச்சம் போட்டால் ஒளியின் பெரும்பகுதி துளியை ஊடுருவி அப்பால் போய்விடும். நனைவது நடிகர்தான், தெரிவது மழையன்று. தண்ணீர் லாரியும் குழாயும் கொண்டு மழை பெய்விக்கும் நம் படப்பிடிப்புத் தளங்களிலும் இதுவே பாலபாடம்.

பின்னொளி கைவிடும் இடமும் உண்டு. அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தில் பாழடைந்த வாயிலின்மேல் மழை கொட்டவேண்டும். பின்னால் வெளிறிய வானம். துளி தன் ஒளியை அந்த வானத்திடமிருந்தே கடன் வாங்குகிறது. கடன்பட்டவன் கொடுத்தவனைவிடப் பிரகாசிப்பது எங்ஙனம்? ஆகவே குழாய்த் தண்ணீரில் கருப்பு மையைக் கலந்தார்கள். வெளுக்க முடியாத மழையைக் கறுக்கவைத்தார்கள். அம்மழையின் பேய்த்தனம் மையினால் வந்தது.

உறைபனியின் கதை வேறு. நம் மொழி பனித்துளி, மூடுபனி, உறைபனி மூன்றையும் 'பனி' என்றே அழைத்துவிட்டது. ஒளி அப்படி அழைப்பதில்லை. ஐந்து மில்லிமீட்டர்ப் பனித்துகள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மிதந்திறங்குவதாகக் கொண்டால், அதே 1/48 நொடியில் நான்கில் ஒரு பங்கு நேரத்தை அது தனதாக்கிக்கொள்கிறது. அன்றியும் அது ஊடுருவவிடாத வெண்பொருள். முன்னிருந்து விழும் ஒளியிலும் தெரியும். வெளிறிய வானத்தின் முன்னே கரும்புள்ளியாகவும் தெரியும். ஆகவே இங்கே சிக்கல் ஒளியில் இல்லை, பொருளில் இருந்தது. ஹாலிவுட்டில் வெள்ளையடித்த சோள அவலைத் தூவினார்கள். காலடியில் அது நொறுங்கும் ஓசையால் வசனத்தைப் பின்னர்ப் பதியவேண்டியிருந்தது. ஃபிராங்க் காப்ரா 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்துக்குத் தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்த ஓசையில்லாப் பனியைக் கையாண்டார். அப்படம் எடுக்கப்பட்டது கோடையில்.

மழை கணினிக்குள் புகுந்தபோது பழைய கேள்வியே புதிய உருவில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் க்ஷிதிஸ் கார்க், ஸ்ரீ நாயர் இருவரும் முதலில் மழையைப் படத்திலிருந்து நீக்கத்தான் முயன்றார்கள். அதற்காகத் துளியை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ 165 பாகை அகலக் காட்சியைத் தனக்குள் வளைத்துக்கொள்ளும் சிறு வில்லை என்று கண்டார்கள். பகலில் துளி தனக்குப் பின்னிருக்கும் சுவரைவிட வெளிச்சமாக இருப்பது அதனால்தான். அதற்குள் வானம் இருக்கிறது.

2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு மழையைச் சேர்ப்பதைப் பற்றியது. விழும் துளி உருண்டையாக நிலைப்பதில்லை. காற்றில் அதிர்ந்து நீண்டும் தட்டையாகியும் மாறுகிறது. அதனால் அதன் தாரை ஒரே சீரான வெள்ளைக் கோடாக அமையாது. நெடுகிலும் புள்ளிகளும் வளைந்த ஒளிக்கீற்றுகளும் கொண்டிருக்கும். விளக்கு இருக்கும் திசைக்கும் பார்க்கும் திசைக்கும் ஏற்ப இந்த வடிவம் மாறும். அவர்கள் பல திசைகளுக்கான தாரைகளைக் கணித்து ஒரு தொகுப்பாக்கினார்கள். உலர்ந்த காட்சியின் தோராயமான ஆழமும் விளக்குகளின் இடமும் தெரிந்தால், ஒவ்வொரு துளிக்கும் உரிய தாரையைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் பதிக்கலாம்.

இனி மாணவர்களின் படத்துக்குத் திரும்புவோம். நள்ளிரவு, நெடுஞ்சாலை, ஒரு தெருவிளக்கு, எதிரே ஒரு லாரி. முதலில் ஆழம்: நாயகன் ஆறு மீட்டரில், விளக்குக் கம்பம் இருபதில், லாரி எண்பதில். நாயகனுக்கு அப்பால் விழும் தாரைகளை அவன் உடல் மறைக்கவேண்டும். அவர்கள் இதைச் செய்யவில்லை. முழுச்சட்டத்தின் மீதும் ஒரே திரையை விரித்திருந்தார்கள். அடுத்தது ஒளி: கம்பத்தைச் சுற்றியும் லாரி விளக்கின் முன்னும் தாரைகள் ஒளிரவேண்டும், இருளில் ஏறக்குறைய மறையவேண்டும். அவர்களுடைய மழை எங்கும் ஒரே வெண்மை.

மூன்றாவது தொலைவு: அருகில் தனித்தனிக் கோடுகளாக இருப்பது தொலைவில் கோடாக இராது, மூடுபனிபோல் கரைந்துவிடும். மூடுபனிக்குக் கோஷ்மீடர் 1924இலேயே கணக்கு தந்தார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத பனியில், ஐம்பது மீட்டர்ப் பொருளின் ஒளியில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு நம்மை அடையும். ஐந்நூறு மீட்டரிலிருந்து பதினான்கே. ஆழம் தெரியாமல் எங்கும் சமமாக வெளுத்தால் அது பனியாகாது, அழுக்கான கண்ணாடியாகிவிடும்.

எந்தத் தொகுப்பும் தராதது ஒன்று உண்டு. மழை விழுவதோடு முடிவதில்லை, நனைக்கிறது. நனைந்த தார்ச்சாலை கறுக்கும், அதே சமயம் லாரி விளக்கை நீளமாகப் பிரதிபலிக்கும். மாணவர்களின் சாலை உலர்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. நாயகனின் சட்டை காற்றில் படபடத்தது. பகல்காட்சியாயின் இன்னும் கடினம்: வெயிலின் கூர்நிழலைக் காட்சியிலிருந்து அழிப்பது தாரை சேர்ப்பதைவிடப் பெரிய வேலை. எனவே மழைக்கதைக்கு வேண்டிய உலர்காட்சியை மேகமூட்டமான நாளிலோ இரவிலோ எடுத்து, தரையையும் சட்டையையுமாவது உண்மைத் தண்ணீரால் நனைத்துவிடுவதே நலம்.

இந்த வித்தை இப்போது சினிமாவோடு நிற்கவில்லை. தாமே ஓடும் வண்டிகளுக்குப் பார்க்கக் கற்பிக்கும் படங்கள் பெரும்பாலும் நல்ல வானிலையில் எடுக்கப்பட்டவை. 2019இல் ஹால்டர், லலோந்த், தெ ஷரெத் ஆகியோர் கொலம்பியாத் தாரைகளை அத்தகைய தெருப்படங்களின்மேல் பெய்வித்து, வண்டியின் கண் எவ்வளவு தடுமாறுகிறது என்று அளந்தார்கள். அங்கே பொய்மழை பிசகினால் கெடுவது ஒரு காட்சி மட்டும் அன்று. எளாவூர்ச் சாலையின் மூடுபனியில் நடந்து கடக்கும் மனிதரைக் காணவேண்டிய கண்.

மாணவர்கள் அடுத்த கார்த்திகை வரை காத்திருக்கப் போவதில்லை. இரண்டு குடம் தண்ணீரும் ஒரு விளக்கும் எடுத்துக்கொண்டு மறுபடி சாலைக்குப் போகிறார்கள். விளக்கை எங்கே வைப்பது என்று இம்முறை அவர்களுக்குத் தெரியும்.