ஃபைபர் ஆள் வரும் நாளும் யுபிஎஸ் ஆள் வரும் நாளும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. அதன் மெர்ச்சண்டைசிங் அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது. ஒரே வாரத்தில் அங்கே இரண்டு வேலைகள் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: புது ஃபைபர் இணைய இணைப்பு, பழையதை எடுத்துவிட்டு 10 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ். இரண்டு இடத்திலிருந்தும் "நாளைக்குக் காலைல வந்தர்றோங்க" என்றே போன் வரும். அதற்குத் தரும் பதில் மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

முதலில் நேரம். புது ஃபைபர் வரும்வரை பழைய இணைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆள் பத்து மணிக்கு வந்தாலும் ஒரு மணிக்கு வந்தாலும் அலுவலக வேலை நிற்காது. முந்தைய இடத்தில் கேபிள் இழுக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கே தெரியாது என்பதால், மூன்று, நான்கு மணி நேர இடைவெளி கொடுப்பதே நியாயம்.

யுபிஎஸ் அப்படியல்ல. பழைய யுபிஎஸ்ஸைக் கழற்றிப் புதியதை இணைக்கும்வரை கணினிகள் அணைந்திருக்கும். ஐரோப்பிய பையர்களின் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதன்பிறகு மெயில்கள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே மின்சாரத்தை நிறுத்த ஏற்ற வேளை காலை 9 முதல் 11 வரை. எட்டரைக்கே ஆள் கேட்டில் இருக்க வேண்டும், 11 மணிக்குள் முடியாது என்று தெரிந்தால் தொடங்கவே கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அடுத்து வழி. ஃபைபருக்குத் தடை பெரும்பாலும் வெளியில் இருக்கும். கேபிள் தெருக் கம்பத்திலிருந்து மொட்டை மாடிக்கு வந்து, பிறகு கீழே இறங்கும். மொட்டை மாடிச் சாவி கட்டட உரிமையாளரிடம் இருக்கும்; சில சமயம் பக்கத்துக் கட்டடத்தைத் தாண்டியும் கேபிள் போக வேண்டும். இரண்டு சம்மதமும் முதல் நாளே வாங்கியிருந்தால்தான் ஆள் வந்த அன்று வேலை முடியும்.

யுபிஎஸ்ஸுக்குத் தடை கேட்டுக்கு உள்ளே. இந்த அளவு யுபிஎஸ்ஸுக்குப் பொதுவாக 12 வோல்ட் பேட்டரிகள் 16 வைப்பார்கள். ஒவ்வொன்றும் 20 கிலோ என்றால் மொத்தம் 320 கிலோ. லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தூக்க ஆள் யார் அனுப்புவது, ரேக் நிற்கும் இடத்தில் தரை தாங்குமா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். பேனல் போர்டைத் திறக்கக் கம்பெனி எலக்ட்ரீஷியன் கூடவே நிற்க வேண்டும். பழைய பேட்டரிகளை எடுத்துப் போவதாக இருந்தால் வெளியே போகும் கேட் பாஸ் தயாராக இருக்க வேண்டும். அமெரிக்க பையர்களுக்காகப் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கும் கம்பெனிகளில் அடையாள அட்டையும் வருகைப் பதிவும் இல்லாமல் வாட்ச்மேன் யாரையும் விடமாட்டார். வருபவர்களின் பெயர்களையும் வண்டி எண்ணையும் முந்தைய மாலையே கேட்டு வாங்கி அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலையம் வாரியாகப் பகலில் கரண்ட் நிறுத்துவார்கள். அறிவிப்பு முன்பே பத்திரிகையில் வந்துவிடும். அன்றைக்கு ஃபைபர் வேலை தாராளமாக நடக்கும். ஃபைபரை ஒட்டும் கருவி பேட்டரியில் ஓடும், அலுவலகத்தில் வைக்கும் ஃபைபர் பெட்டிக்கு ஜெனரேட்டர் கரண்ட் போதும். யுபிஎஸ் வேலையோ பாதியில் நிற்கும். ஒயரிங் செய்யலாம், ஆனால் லைன் கரண்ட் இல்லாமல் உள்ளே வரும் வோல்டேஜையும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள வோல்டேஜையும் அளக்க முடியாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ளது சுமார் 3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்திங்கைச் சரிசெய்யாமல் இயக்குவது ஆபத்து.

முடிந்ததா என்று பார்ப்பதும் வேறுவேறு. ஃபைபர் பெட்டியில் 'PON' விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும்; 'LOS' சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. பச்சை எரிந்தாலும் ஒளியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டிபிஎம் அருகில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் ஒட்டிய இடமோ கனெக்டரோ சரியில்லை, இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். யுபிஎஸ் சரியா என்பது எல்லாக் கணினிகளும் ஓடும்போது மெயினை அணைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு திரைகூட அணையக் கூடாது.

ஆகவே ஃபைபர் ஆளுக்கு அனுப்பும் உறுதி இப்படி இருக்கலாம்: "வியாழன் 10 முதல் 2க்குள் வாங்க. மொட்டை மாடிச் சாவி ஆபீஸ்ல இருக்குதுங்க, பக்கத்துக் கட்டடத்துலயும் சொல்லியாச்சு. கிளம்பறப்ப ஒரு போன் பண்ணுங்க." யுபிஎஸ் ஆளுக்கு: "செவ்வாய் 8.30க்கு கேட்டுக்கு வந்துருங்க. கரண்ட் நிறுத்தம் 9லிருந்து 11 வரை மட்டுந்தானுங்க. தூக்க நாலு ஆள் நீங்க கூட்டிட்டு வரோணும், எலக்ட்ரீஷியன் எங்க பக்கம் இருப்பாருங்க. பேரும் வண்டி நம்பரும் இன்னிக்கே அனுப்பிருங்க."

செவ்வாயில் யுபிஎஸ், வியாழனில் ஃபைபர் என்ற வரிசைக்குக் காரணம் உண்டு. ஃபைபர் பெட்டியும் யுபிஎஸ் கரண்டில்தான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது கணினி ஓடும், இணையம் நின்றுவிடும். யுபிஎஸ் முதலில் வந்துவிட்டால் அதன் பிளக் பாயிண்ட்டைக் காட்டி, "பெட்டியை இங்கே மாட்டுங்க" என்று வியாழக்கிழமை சொல்லிவிடலாம்.