மேசை விளிம்பைத் தாண்டிய செங்கற்கள்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பழைய கணக்கின் வரலாறு. ஒரே அளவுள்ள செங்கற்களை மேசை விளிம்பில் அடுக்கினால், விழாமல் எவ்வளவு தூரம் வெளியே நீட்டலாம்? பசை கிடையாது, ஆணி கிடையாது. ஒரு செங்கலின் நீளத்தையே 1 என்று வைத்துக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தக் கணக்கு ஆங்கில இயக்கவியல் பாடநூல்களில் வந்துவிட்டது. 1850-இல் வெளியான ஜான் பட் ஃபியரின் நூல் அவற்றுள் ஒன்று. இந்த ஃபியர்தான் பின்னாளில் கல்கத்தாவில் நீதிபதியாகவும் இலங்கையின் தலைமை நீதியரசராகவும் இருந்தவர். 1964-இல் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் எழுதியபோது இது பொதுவாசகர்களிடமும் பரவியது.

எல்லோரும் சொன்ன விடை ஒன்றுதான். மேலிருந்து கீழாக யோசிக்க வேண்டும். உச்சிச் செங்கல் தனக்குக் கீழுள்ளதைத் தாண்டிப் பாதி நீளம் நீளலாம். அந்த இரண்டும் சேர்ந்து மூன்றாவதைத் தாண்டிக் கால் பங்கு நீளலாம். அடுத்து ஆறில் ஒன்று, பிறகு எட்டில் ஒன்று. நான்கு செங்கற்களில் கூட்டுத்தொகை 25/24. அதாவது உச்சிச் செங்கலின் எந்தப் பகுதியும் மேசைக்கு மேல் இல்லை!

இந்தத் தொடரின் கூட்டுத்தொகைக்கு எல்லை கிடையாது. பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிகோல் ஒரேம் அதற்கு நிரூபணம் தந்திருக்கிறார். ஆனால் அது வளரும் வேகம் ஆமை வேகம். 2 நீளம் நீட்ட 31 செங்கற்கள் வேண்டும், 3 நீளத்துக்கு 227. 10 நீளத்துக்கு 27 கோடிக்கும் மேல்.

இதுவே மிகச் சிறந்த அடுக்கு என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குள் சொல்லாமல் ஒளிந்திருந்த நிபந்தனை ஒன்று உண்டு: ஒரு மட்டத்தில் ஒரு செங்கல்தான். அதை விட்டுவிட்டால் மூன்று செங்கற்களிலேயே விடை மாறிவிடுகிறது. ஒன்றைப் பாதி வெளியே நீட்டி வையுங்கள். அதன் மேல் இரண்டை முனையோடு முனை சேர்த்து, சேரும் இடம் அடிச்செங்கலின் நடுவில் வரும்படி வையுங்கள். வலதுபக்கச் செங்கல் முழுதாக 1 நீளம் வெளியே நிற்கும். இடதுபக்கச் செங்கல் எதிர்எடை. பழைய முறையில் மூன்று செங்கற்களுக்குக் கிடைப்பது 11/12தான். 1979-இல் ஸ்டீபன் எயின்லி இப்படி எதிர்எடை வைத்தே நான்கு செங்கற்களில் 1.168 வரை போனார்.

சரி, மூன்றாம் வரிசையில் மூன்று வைத்துத் தலைகீழ் முக்கோணமாகவே வளர்த்தால் என்ன? சரிந்துவிடும். இரண்டாம் வரிசையின் வலது செங்கலைப் பாருங்கள். அதன் நடுப்புள்ளி அடிச்செங்கலின் விளிம்புக்கு நேர்மேலே இருப்பதால், அது தராசுக்கோல் போல நிற்கிறது. வலது முனையை மேல்வரிசையின் ஓரச் செங்கல் முழு எடையோடு அழுத்துகிறது. இடது முனையில் இறங்குவது நடுச்செங்கலின் பாதி எடை மட்டுமே, மறுபாதி அந்தப் பக்கத்துச் செங்கலுக்குப் போய்விடுகிறது. அதனால் தராசு வலப்புறம் சாய்கிறது. பரிகாரம் எளியது. நடுச்செங்கலின் மேல் இன்னொன்றை ஏற்றினால் பாதி எடை முழு எடையாகிவிடும், தராசு சமன்படும். இப்போது ஏழு செங்கற்களில் நீட்டம் ஒன்றரை. பழைய முறையில் ஏழு செங்கற்கள் 1.3-ஐக்கூடத் தொடுவதில்லை.

இந்தச் சமன் மயிரிழைச் சமன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்தில் நிற்பது கையால் அடுக்கும்போது நிற்காது. ஒவ்வொன்றையும் சற்று உள்ளே தள்ளி வைத்தால்தான் நிற்கும்.

எல்லாச் செங்கற்களும் வெளியே நீள வேண்டியதில்லை, சில உள்ளே நின்று அழுத்தினால் போதும். இதை முழுமையாக வளர்த்தெடுத்தவர்கள் மைக் பேட்டர்சனும் யூரி ஸ்விக்கும். 2006-இல் அவர்கள் காட்டிய அமைப்பு, சுவர் கட்டுவதுபோல வரிசை வரிசையாக எழும்பி, ஓரத்தில் பரவளையமாக வளைவது. அதில் 3 நீளத்துக்கு 111 செங்கற்கள் போதும். 10 நீளத்துக்கு 4,941. இருபத்தேழு கோடி எங்கே, ஐயாயிரத்துக்கும் குறைவு எங்கே!

இதைவிட வேகமாக வளரும் அடுக்கு உண்டா என்ற கேள்வி மிச்சமிருந்தது. பேட்டர்சன், ஸ்விக் இருவரோடு யுவல் பெரெஸ், மிக்கெல் தோருப், பீட்டர் விங்க்ளர் ஆகியோரும் சேர்ந்து அதற்கு 2009-இல் வெளிவந்த கட்டுரையில் விடை சொன்னார்கள். எப்படி அடுக்கினாலும், செங்கற்களின் எண்ணிக்கையின் கனமூலத்தைப் போல ஆறு மடங்கை நீட்டம் தாண்டாது. ஆயிரம் செங்கற்கள் என்றால் கனமூலம் 10, ஆக நீட்டம் 60-க்கு மேல் போகாது. பரவளைய அடுக்கின் நீட்டமும் கனமூலத்தின் வேகத்திலேயே வளர்கிறது, மடங்கு மட்டும் சிறியது. அதில் நீட்டத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு செங்கற்கள் வேண்டும். அதைவிட வேகமான வழி கிடையாது என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. பாடநூல்களில் முடிந்துபோனதாகக் கருதப்பட்ட கணக்குக்கு, ஃபியரின் நூல் வந்து ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்தே இந்த எல்லை கிடைத்தது.