பிறழ்வுச் சுமையும் நீலகிரியின் பரம்பரை மாறுபாடுகளும்

1952இல் லெஹ்மன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் அணுப் பண்பைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அப்பண்பு குறித்த முதல் பதிவுகளுள் அது ஒன்று. தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணந்துகொண்ட சிறு குழுக்களில் வெளியே அரிதான மரபணு மாறுபாடு பரவலாக இருக்கக்கூடும். இன்று ஒரு புற்றுநோய்ச் சோதனை முடிவையே அத்தகைய மாறுபாடு மாற்றிவிடலாம் என்பது என் வாதம்.

அச்சோதனை பிறழ்வுச் சுமையை அளப்பது. கட்டியின் டி.என்.ஏ.வில் பத்து லட்சம் எழுத்துக்கு எத்தனை பிறழ்வு என்று எண்ணுகிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘உயர் சுமை’. அத்தகைய திடக்கட்டிகளுக்கு வேறு நல்ல சிகிச்சை இல்லாதபோது பெம்ப்ரோலிசுமாப் தரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் உயர் சுமையுள்ள 102 பேரில் 29 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. மற்றவர்களிடம் அது 6 விழுக்காடுதான்.

காரணம் இது: பிறழ்ந்த மரபணு பிறழ்ந்த புரதத்தைத் தருகிறது. அதன் துண்டுகளில் சில, செல்லின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் ஏறி நிற்கும். டி-செல்கள் இதுவரை காணாத துண்டு என்பதால் அதை அந்நியமாகக் கொள்ளும். மருந்து, டி-செல்லின் மேல் போடப்பட்ட பிடியைத் தளர்த்துகிறது. பிறழ்வு கூடக் கூட, ஒன்றாவது அடையாளம் காணப்படும் வாய்ப்பும் கூடுகிறது. மெலனோமா, நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுகளில் இது பொருந்துகிறது. மூளையின் கிளியோமாவில் பொருந்துவதில்லை. அங்கே டெமோசோலோமைடு மருந்தே பிறழ்வுகளைப் பெருக்கிவிடுவதுண்டு. ஆனால் ஒவ்வொன்றும் சில செல்களில் மட்டுமே இருப்பதால் டி-செல்களுக்கு ஒருமித்த இலக்கு கிடைப்பதில்லை.

பெற்றோரிடமிருந்து வந்த மாறுபாடு இக்கணக்கில் சேரக் கூடாது. அதைத் ‘தன்னுடையது’ என்று டி-செல்கள் முன்பே பழகிவிட்டன. செலவைக் கருதிப் பல ஆய்வகங்கள் கட்டியை மட்டுமே வாசித்து, பொதுத் தரவுத்தளங்களில் உள்ள பரம்பரை மாறுபாடுகளைக் கழிக்கின்றன. அத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. ஏறத்தாழ ஈராயிரம் பேரே உள்ள தோடர் போன்ற ஒரு குழுவின் தனி மாறுபாடுகள் அங்கே இல்லாவிட்டால், அவை பிறழ்வுகளாகவே எண்ணப்படும்.

கற்பனையாக ஒரு கணக்கு: சோதனை 11 லட்சம் எழுத்துகளை வாசிக்கிறது. உண்மைப் பிறழ்வு 7 என்றால் சுமை 6.4. கழிபடாத பரம்பரை மாறுபாடு 5 சேர்ந்தால் 12, சுமை 10.9. நோயாளி எல்லையைத் தாண்டிவிட்டார், கட்டியில் ஒன்றும் மாறாமலே.

இப்படிப் பரம்பரை மாறுபாடு கணக்கில் கலந்திருப்பதைச் சந்தேகிக்க ஒரு வழி உண்டு. மாதிரியில் கட்டிச் செல்கள் பாதி என்றால், கட்டியில் பிறந்த பிறழ்வு பெரும்பாலும் 25 விழுக்காட்டு வாசிப்புகளில் தென்படும். பரம்பரை மாறுபாடு 50 அல்லது 100ஐ ஒட்டி நிற்கும். மாதிரி முழுவதுமே கட்டியாக இருந்தால் இவ்வித்தியாசம் மறைந்துவிடும். நோயாளியின் இரத்தத்தையும் உடன் வாசித்துக் கழிப்பதே உறுதியான முறை. இரத்த ஒப்பீடு இல்லாத அறிக்கையில் 10க்குச் சற்று மேலான எண் வந்தால், இம்மலைக் குழுக்களைச் சேர்ந்தவருக்கு அதை ‘உயர் சுமை’ என்று கொள்ளலாகாது.